பம்பு கையேட்டின் இயந்திர மொழிபெயர்ப்பு: எந்தப் பிழையை முதலில் திருத்துவது?

நொய்யல்கரை

வணக்கம். மையவிலக்குப் பம்பு ஒன்றின் இயக்க, பராமரிப்புக் கையேடு திருத்தத்துக்கு வந்திருக்கிறது. ஆங்கில மூலம் 120 பக்கம், ஏறத்தாழ 24,000 சொற்கள். இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ்க் கோப்பையும் மூலத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவகாசம் மூன்று நாள். கவனமாகத் திருத்தினால் நாளொன்றுக்கு ஐயாயிரம் சொற்கள்தான் என்னால் முடியும். ஆகவே எல்லாவற்றையும் திருத்த முடியாது என்பது தெரிந்தே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன். சந்திப்பிழை, ஒருமை பன்மை, நீண்டு தொங்கும் வாக்கியங்கள் என்று அரை நாள் போனதில் 14 பக்கம்தான் நகர்ந்தது. அந்த 14 பக்கமும் முகவுரை, பெட்டியைப் பிரிக்கும் முறை. அப்புறம் நடுவில் சில பக்கங்களைப் புரட்டிப் பார்த்தபோது பயம் வந்துவிட்டது. அங்கே கண்ட ஆறு இடங்களைத் தருகிறேன்:

1. "இரத்தம் வடியும் திருகைத் திறந்து காற்றை வெளியேற்றவும்."
2. "தாங்கியின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும், பம்பை உடனே நிறுத்தவும்."
3. "சுரப்பி நிமிடத்துக்கு 40 முதல் 60 துளி வரை கசிய வேண்டும்."
4. "நீரோட்டத்தைக் குறைக்க உறிஞ்சு வால்வை மூட வேண்டியதில்லை."
5. "வால்வைச் சரிபார்த்து வெளியேற்றுக் குழாயில் பொருத்தவும்."
6. பக்கத்துக்குப் பத்து இடத்தில் "கொட்டை".

முதலாவதையும் ஆறாவதையும் பார்த்தவுடனே திருத்தினேன். மூன்றாவதை "கசியக் கூடாது" என்று மாற்றினேன். மற்றவை மூலத்தோடு ஒப்பிடக் காத்திருக்கின்றன. எந்த ஒழுங்கில் போவது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சொல்வேலி

முதல் வேலை கலைச்சொல் பட்டியல். பம்பு என்பதை எக்கி என்றும் வால்வு என்பதை ஓரதர் என்றும் நிலைநிறுத்திவிட்டு மற்றதைத் தொடுங்கள். நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது கையேடு முழுவதும் ஒலிபெயர்ப்பாக நிரம்பி வழிவது வருத்தமாக இருக்கிறது. ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்ற ஒழுங்கு வந்துவிட்டால் பாதிப் பிழை தானாகப் போய்விடும்.

பழைய ஃபிட்டர்

அம்மா, மூன்றாவதை உடனே பழையபடி மாற்றிவிடுங்கள். அது கசியத்தான் வேண்டும்.

நான் 31 ஆண்டுகள் பம்பு ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன். அங்கே சுரப்பி என்று வந்திருப்பது கிளாண்டு. ஷாஃப்டைச் சுற்றிக் கயிறு போன்ற பேக்கிங் போட்டு, கிளாண்டை வைத்து இறுக்குவோம். சொட்டுச் சொட்டாக வரும் அந்தத் தண்ணீர்தான் பேக்கிங்குக்கு எண்ணெய், அதுதான் அதைக் குளிர வைக்கிறது. சொட்டு நிற்கும்வரை இறுக்கினால் சிறிது நேரத்தில் கிளாண்டில் கை வைக்க முடியாது. பேக்கிங் கருகி, ஸ்லீவில் மோதிரம் மோதிரமாகக் கோடு விழும். அதற்குப் பிறகு புதுப் பேக்கிங் போட்டாலும் நிற்காது, ஸ்லீவையே மாற்ற வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. ஒழுகுகிறதே என்று ஸ்பேனரை எடுத்துவிடுவார்கள். கையேடும் "கசியக் கூடாது" என்று சொன்னால் அவர்களை யார் தடுப்பது?

நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உங்கள் மூலத்தில் 40 முதல் 60 என்று இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்கல் சீல் போட்ட பம்பாக இருந்தால் மட்டும் கதை வேறு, அதில் இப்படிச் சொட்டக் கூடாது.

நொய்யல்கரை

மூலத்தைப் பார்த்தேன், ஐயா. பேக்கிங்தான், எண்களும் அவையேதான். மாற்றிவிட்டேன். இயந்திரம் "சுரப்பி" என்ற ஒரு சொல்லைத்தான் தவறவிட்டது, வாக்கியத்தைக் கெடுத்தவள் நான். கசிவு என்றாலே கெட்டது என்று மனம் முடிவு செய்துவிட்டது. மூலத்தைத் திறக்காமல் கை வைத்ததை நினைத்தால் உறுத்துகிறது.

மறுவாசிப்பு

பதினோரு ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன், பெரும்பாலும் தொழில்நுட்பக் கையேடுகள். உங்கள் ஆறு வாக்கியங்களை நான் திருத்தும் வரிசை: இரண்டு, நான்கு, ஐந்து, பிறகு மூன்றாவதில் அந்தப் பெயர். ஒன்றும் ஆறும் கடைசியில்.

காரணம் சொல்கிறேன். "இரத்தம் வடியும் திருகு" என்று படிக்கும் எந்த மெக்கானிக்கும் அப்படி ஒன்றைத் தேடிப் போக மாட்டார். மொழிபெயர்ப்பு பிசகிவிட்டது என்று அவருக்கு அந்த நொடியே தெரியும், படத்தைப் பார்த்து ஏர் வெண்ட் திருகைக் கண்டுபிடிப்பார். "கொட்டை"யும் அப்படித்தான். பார்க்க அவமானமாக இருக்கிறது, ஆனால் அந்தப் பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. நான்காவதைப் பாருங்கள். இலக்கணம் சரி, ஓசை சரி, தமிழ் ஆசிரியர் ஒருவர் படித்தாலும் நிறுத்தாமல் தாண்டிவிடுவார். மூலத்தில் இருப்பது அநேகமாகக் கட்டாயத் தடை: ஓட்டத்தைக் குறைக்க உறிஞ்சு வால்வை மூடவே கூடாது. "வேண்டியதில்லை" என்றால் மூடத் தேவையில்லை, மூடினாலும் தப்பில்லை என்று ஆகிறது. தடையைச் சலுகையாக மாற்றிவிட்டது.

இரண்டாவதில் நடந்தது இன்னொரு வகை. ஆங்கிலத்தில் "ஷுட்" வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் "ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்" என்று பொருள். இயந்திரம் அதை எப்போதும் தெரிந்த "வேண்டும்" ஆக்கிவிட்டது. சரியான தமிழ்: "தாங்கியின் வெப்பநிலை 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பம்பை உடனே நிறுத்தவும்." இந்த இடத்தில் காற்புள்ளி இருப்பதால் கூர்ந்து படிப்பவருக்கு ஐயம் வரும். இரண்டு வாக்கியமாகப் பிரிந்து அட்டவணையில் ஏறிவிட்டால் ஐயத்துக்கே இடமிராது. 80 டிகிரியைத் தாண்டுவது ஓர் இலக்கு ஆகிவிடும்.

ஐந்தாவது எனக்கு மிகவும் பழக்கமான பிழை. மூலத்தில் "செக் வால்வு" என்று ஒரு பொருளின் பெயர். இயந்திரம் முதற்சொல்லைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு "வால்வைச் சரிபார்" என்கிறது. எந்த வால்வு என்றே இல்லாமல் போய்விட்டது.

பழைய ஃபிட்டர்

செக் வால்வை நாங்கள் நான்-ரிட்டர்ன் வால்வு என்போம், என்.ஆர்.வி. என்றால் எல்லோருக்கும் தெரியும். அதைப் போடாமல் விட்டால் கரண்ட் போன மறுநொடி மேலே ஏறிய தண்ணீர் முழுக்கத் திரும்பி வந்து பம்பைத் தலைகீழாகச் சுற்றும். உறிஞ்சு வால்வு விஷயமும் அப்படியே. அதை மூடி ஓட்டத்தைக் குறைத்தால் பம்புக்குள் ஜல்லி உருள்வது போல ஒரு சத்தம் வரும். சில வாரம் அப்படி ஓடிய இம்பெல்லரைக் கழற்றிப் பார்த்தால் கறையான் அரித்த பலகை போல இருக்கும். ஓட்டத்தைக் குறைக்க டெலிவரி வால்வைத்தான் திருக வேண்டும்.

மறுவாசிப்பு சொன்ன வரிசையை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நான் படிக்கிற தமிழில் ஒற்று மிகுந்ததா மிகவில்லையா என்று ஒருநாளும் கவனித்ததில்லை. கை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுதான் எனக்கு வேண்டும்.

நிரல்மேசை

இதற்கு மூன்று நாள் எதற்கு? கையேட்டில் ஆபத்து என்றால் எண்கள்தான்: டார்க், இடைவெளி, வெப்பநிலை. இரண்டு கோப்பையும் வரிக்கு வரி எண் ஒப்பிட்டுவிட்டால் ஆபத்தானவை எல்லாம் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

```python
import re
def nums(s):
    return sorted(re.findall(r"\d+(?:[.,]\d+)*", s))
src = open("src.txt", encoding="utf-8")
ta = open("ta.txt", encoding="utf-8")
for i, (a, b) in enumerate(zip(src, ta), 1):
    if nums(a) != nums(b):
        print(i, nums(a), nums(b))
```

மொழிபெயர்ப்புக் கருவியிலிருந்து இரண்டையும் வாக்கியத்துக்கு ஒரு வரியாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிகள் ஒத்துப்போவது முக்கியம்.

மறுவாசிப்பு

நல்ல கருவி, நானும் இப்படி ஒன்றைத்தான் முதலில் ஓட்டுகிறேன். விடுபட்ட எண்ணும் மாறிப்போன எண்ணும் இதில் சிக்கும். ஆனால் "ஆபத்தானவை எல்லாம்" என்று சொல்லாதீர்கள். மேலே உள்ள ஆறு வாக்கியங்களில் ஒன்றுகூட இந்தச் சோதனையில் மாட்டாது. எண் இருக்கும் இரண்டிலும் எண்கள் சரியாகவே இருக்கின்றன.

எண்களுக்குள்ளேயும் ஒரு ஓட்டை உண்டு. தமிழில் சொல் வரிசை மாறுவதால் எண்களின் வரிசையும் மாறும், அதனால்தான் நீங்கள் sorted போட்டிருக்கிறீர்கள், அது சரியே. ஆனால் அதே காரணத்தால், "எம்12 போல்ட்டுக்கு 80, எம்16 போல்ட்டுக்கு 200" என்பது இடம் மாறி எம்12-க்கு 200 என்று வந்தால் உங்கள் கருவி வாய் திறக்காது. அந்த இறுக்கத்தில் எம்12 போல்ட்டு முறிந்து கையோடு வரும். ஒரே வாக்கியத்தில் இரண்டு அளவும் இரண்டு பொருளும் வந்தால், குறிப்பாக "முறையே" என்ற சொல் இருந்தால், கண்ணால் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

தறிமேடு

எண் என்றதும் என் அனுபவம் ஒன்று. எங்கள் தறிக்கூடத்தில் ஐரோப்பிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. அதன் ஆங்கிலக் கையேட்டிலேயே தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போட்டிருந்தார்கள். தமிழிலும் "1,250 மி.மீ." என்று அப்படியே வந்துவிட்டது. இரண்டு கோப்பிலும் ஒரே எண், எந்தச் சோதனையும் குறை சொல்லாது. படித்த ஆள் ஆயிரத்து இருநூற்றைம்பது என்று படித்தார். உண்மையில் அது ஒன்றேகால் மில்லிமீட்டர். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்ததால் பிழைத்தோம், ஒன்றேகால் மீட்டர் இடைவெளி விட அங்கே இடமே இல்லை. உங்கள் பம்பு எந்த நாட்டில் தயாரானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வடமராட்சி

ஒரு கேள்வி: கையேட்டை வாசிக்கப் போவது யார்? இலங்கைக்கும் போகுமா? எங்கள் பாடநூல்களில் பம்பி, அமுக்கம், வலு என்று வரும். நீங்கள் அழுத்தம், திறன் என்பீர்கள். சிக்கல் "சக்தி" என்ற சொல்லில்தான். எங்களுக்கு அது எனர்ஜி, வலுதான் பவர். தமிழ்நாட்டு எழுத்தில் மோட்டாரின் பவரையே சக்தி என்று எழுதிவிடுகிறார்கள். இயந்திரத்துக்கு இரண்டு கரையும் ஒன்று. ஒரே பக்கத்தில் அமுக்கம் என்றும் அழுத்தம் என்றும் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வாசிக்கிறவர் அவை இரண்டு வெவ்வேறு அளவுகள் என்று நினைக்க இடமுண்டு.

நொய்யல்கரை

தமிழ்நாட்டுக்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் நீங்கள் சொன்னபடி தேடினேன், "அமுக்கம்" நான்கு இடத்தில் இருக்கிறது. மிக்க நன்றி.

சொல்வேலி ஐயாவுக்கு: பம்பு, வால்வு என்பவற்றை மாற்றப் போவதில்லை. கூடத்தில் இருப்பவர்கள் அந்தச் சொற்களைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்று நீங்கள் சொன்னது உண்மை. கப்ளிங், ஜாயிண்ட், கனெக்‌ஷன் மூன்றுக்கும் இயந்திரம் "இணைப்பு" என்றே போட்டிருக்கிறது. "இணைப்பைத் துண்டிக்கவும்" என்றால் மின்சாரத்தையா கப்ளிங்கையா என்று தெரியவில்லை.

சொல்வேலி

அதைத்தான் சொல்ல வந்தேன். எக்கி வேண்டாம் என்பது உங்கள் விருப்பம், நான் ஒப்பவில்லை. ஆனால் அந்த "இணைப்பு" சிக்கலைச் சந்திப்பிழையோடு சேர்த்துப் பின்னால் தள்ளாதீர்கள்.

மறுவாசிப்பு

அவர் சொல்வது சரி. ஒரு பொருளுக்கு இரண்டு சொல் வந்தால் வாசகர் சற்றுத் திணறுவார். இரண்டு பொருளுக்கு ஒரு சொல் வந்தால் தவறான ஒன்றைக் கழற்றுவார். இரண்டாவதை முதல் சுற்றிலேயே பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை: சொற்களை மொத்தமாகத் தேடி மாற்றாதீர்கள். "கொட்டை"யை "நட்டு" என்று மாற்றினால் "கொட்டையை" எல்லாம் "நட்டுயை" ஆகும், அது வெறும் அசிங்கம். பம்பின் ஹெட்டுக்கு இயந்திரம் "தலை" என்று போட்டிருக்கும், அதை மொத்தமாக மாற்றினால் "தலைகீழ்", "தலைப்பு" எல்லாம் சிதையும். வேற்றுமை உருபோடு சேர்த்து ஒவ்வொன்றாகக் கேட்டு மாற்றுங்கள், அதையும் கடைசி நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் செய்ய வேண்டியது தேடல். தமிழ்க் கோப்பில் தேடினால் அகப்படாது, அது சரியாகத்தான் ஒலிக்கும். மூலத்தில் தேடுங்கள்.

```
grep -n -i -w -E "not|never|unless|until|should|must|may|only|except|before" src.txt
```

வரும் ஒவ்வொரு வரிக்கும் நேரான தமிழ் வரியைப் பாருங்கள். "மே" என்ற சொல்லைத் தனியாகக் கவனியுங்கள். பம்பு எதிர்பாராமல் ஓடத் தொடங்கும் ஆபத்து உண்டு என்று மூலம் சொல்லும், தமிழில் "பம்பு தானாகத் தொடங்கலாம்" என்று அனுமதி கொடுப்பது போல வரும். "தொடங்கிவிடக்கூடும்" என்று எழுதினால் மயக்கம் தீரும். எச்சரிக்கைப் பெட்டிகளின் தலைப்புகளையும் அதே நாளில் பாருங்கள். ஆங்கிலத்தில் அவை படிநிலை உள்ளவை: உயிர் போகும் என்பதற்கு ஒன்று, போகக்கூடும் என்பதற்கு ஒன்று, சிறு காயத்துக்கு ஒன்று, பொருட்சேதத்துக்கு ஒன்று. இயந்திரம் நடு இரண்டையும் "எச்சரிக்கை" என்றே போட்டுவிடுகிறது. நான் அபாயம், எச்சரிக்கை, கவனம், அறிவிப்பு என்று நான்காகப் பிரித்து வைக்கிறேன்.

பழைய ஃபிட்டர்

எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதற்கும் ஒரு சொல். எங்கள் கூடத்தில் கையேட்டை முழுதாகப் படித்தவர் யாரும் இல்லை. ஸ்டார்ட் செய்யும் முறை, நிறுத்தும் முறை, கோளாறு அட்டவணை, இந்த மூன்றும் ஜெராக்ஸ் ஆகிச் சுவரில் ஒட்டப்படும், எண்ணெய்க் கை பட்டுக் கறுக்கும்வரை அங்கேயே இருக்கும். உங்கள் மூன்று நாளில் ஒன்றரை நாளை அவற்றுக்குக் கொடுங்கள்.

நொய்யல்கரை

முதல் நாள் முடிந்து எழுதுகிறேன். அந்தத் தேடலில் 212 வரிகள் வந்தன. எல்லாவற்றையும் பார்க்க ஐந்து மணி நேரம் ஆனது. பொருள் புரண்டவை 17. அவற்றில் ஒன்பது "கூடாது" என்பது "வேண்டியதில்லை" ஆனவை.

பதினேழில் வராத ஒன்றைத் தற்செயலாகக் கண்டேன். சுழற்சித் திசையைச் சோதிக்கும் படி. தமிழில் "மோட்டாரை ஒரு கணம் இயக்கிச் சுழலும் திசையைச் சரிபார்க்கவும்" என்று அழகாக இருக்கிறது. மூலத்தில் அதற்கு முன்னால் "கப்ளிங்கைக் கழற்றிய நிலையில்" என்ற பொருளில் ஒரு தொடர் இருக்கிறது. தமிழில் அது இல்லவே இல்லை. தடைச்சொல் இல்லை, எண் இல்லை, ஆகவே எந்தத் தேடலிலும் வரவில்லை.

பழைய ஃபிட்டர்

சில பம்புகளில் இம்பெல்லர் ஷாஃப்டில் மரை போட்டு ஏறியிருக்கும். எதிர்த் திசையில் ஒரு கணம் சுற்றினாலே மரை கழன்று இம்பெல்லர் முன்னால் வந்து கேசிங்கில் இடிக்கும். அதனால்தான் கப்ளிங்கைக் கழற்றி மோட்டாரை மட்டும் சுற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஆறில் எதையும்விட இதுதான் முதலில் வர வேண்டியது.

மறுவாசிப்பு

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் மிகக் கடினம். வரிக்கு வரி நீளத்தை ஒப்பிட்டு, மூலத்தைவிட மிகக் குறுகிய தமிழ் வரிகளை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பேன். சில அகப்படும், பல அகப்படாது. ஸ்டார்ட், நிறுத்தம், பழுது நீக்கம் ஆகிய இயல்களை மட்டுமாவது மூலத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, ஆங்கில வாக்கியத்தை முதலில் படித்துவிட்டுத் தமிழைப் படியுங்கள். தமிழை முதலில் படித்தால் அதன் ஓட்டம் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நிரல்மேசை

நீள ஒப்பீட்டையும் அந்த நிரலில் சேர்த்துத் தருகிறேன். "ஆபத்தானவை எல்லாம்" என்று நான் எழுதியது தவறு.

நொய்யல்கரை

மூன்றாம் நாள். ஸ்டார்ட், நிறுத்தம், பேக்கிங் மாற்றுதல், கோளாறு அட்டவணை நான்கும் மூலத்தோடு வைத்து முழுதாக முடிந்தன. உத்தரவாதமும் உதிரிபாகப் பட்டியலின் முன்னுரையும் தொடாமல் கிடக்கின்றன, அங்கே ஒற்றுப்பிழைகள் அப்படியே இருக்கும். எந்தெந்தப் பக்கம் முழுத் திருத்தம், எது இல்லை என்று ஒரு தாளில் எழுதி இணைக்கிறேன். கொடுத்தவர்கள் பிழைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் வேலையை மதிப்பிடுகிறார்கள். தொடாத பக்கம் ஒன்றைத் திறந்தவுடன் "கொட்டை"யைப் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.

மறுவாசிப்பு

அட்டையும் முதல் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கட்டும், அரை மணி நேரம் போதும். அங்கே பிழை இருந்தால் உள்ளே நீங்கள் செய்ததை அவர்கள் நம்ப மாட்டார்கள். எனக்கு இது பிடிக்காதுதான், ஆனாலும் நான் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய ஃபிட்டர்

நான் ஒப்பவில்லை. அந்த அரை மணி நேரத்தில் கோளாறு அட்டவணையை இன்னொரு முறை படிக்கலாம்.

நொய்யல்கரை

கடைசியாக ஒன்று. மூலத்தின் வாக்கியத்தில் மோட்டார் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழி என்று இருக்கிறது. அதே பக்கத்துப் படத்தில் அம்புக்குறி இடஞ்சுழியாகத் தெரிகிறது. படம் எந்தப் பக்கத்திலிருந்து வரையப்பட்டது என்று எங்கும் இல்லை. தயாரிப்பாளருக்கு அனுப்பச் சொல்லிக் கேள்வி எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. நாளை காலை கோப்பைக் கொடுக்க வேண்டும்.

பழைய ஃபிட்டர்

நீங்களாக ஒரு திசையை எழுதாதீர்கள், அம்மா. மூலத்தில் உள்ளபடி எழுதி, பக்கத்தில் "கேசிங்கில் வார்க்கப்பட்டுள்ள அம்புக்குறியைப் பார்க்கவும்" என்று போட அனுமதி கேளுங்கள். பெரும்பாலான பம்புகளில் அது இருக்கும். உங்கள் பம்பில் இருக்கிறதா என்று யாராவது நேரில் பார்த்துச் சொன்ன பிறகே அந்த வரியைச் சேருங்கள்.

நொய்யல்கரை

அந்தப் பம்பு இருக்கும் இடத்தின் தொலைபேசி எண்ணைக் கேட்டிருக்கிறேன், ஐயா. அதுவரை அந்தப் பத்தியை மஞ்சள் குறியிட்டு வைத்திருக்கிறேன்.